பழைய எண்ணை மட்டுமே நம்பாத ஒரு வழி கொடுங்கள்

வங்கியின் இணையப் பாதுகாப்புப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் வெளிநாட்டில் வேலை பார்க்கிறேன். ஊரில் வாங்கிய சிம்மை இன்னும் உயிரோடு வைத்திருப்பதற்கு ஒரே காரணம், உங்கள் ஓடிபி அந்த எண்ணுக்கு மட்டும்தான் வரும் என்பது. போன வாரம் என் கணக்கு எப்படிப் பூட்டப்பட்டது என்பதை நிமிடக் கணக்கோடு எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

இரவு 9:02க்கு உள்நுழைய முயன்றேன். ஓடிபி அனுப்பிவிட்டதாகவும் அது 3 நிமிடம் செல்லும் என்றும் திரை சொன்னது. எதுவும் வரவில்லை. 9:05க்கு மறுபடி கேட்டேன். வரவில்லை. 9:09க்கு மூன்றாவது முறை கேட்டேன். அப்புறம் போனை விமானப் பயன்முறையில் போட்டு எடுத்தேன். 9:11க்கு மூன்று செய்திகளும் மொத்தமாக வந்து விழுந்தன. மூன்றிலும் ஒரே வாசகம், ஆறு இலக்கங்கள் மட்டும் வேறு. எது எப்போது கேட்டதற்கான பதில் என்று எதிலும் எழுதியிருக்கவில்லை. மேலே இருந்ததைத் தட்டினேன், தவறு என்றது. அடுத்ததும் தவறு. மூன்றாவதைத் தட்டி முடிப்பதற்குள் 9:12 தாண்டிவிட்டது. மூன்று தவறுகள் ஆகிவிட்டதால் கணக்கு பூட்டப்பட்டது. அதைத் திறப்பதற்கான குறியீட்டையும் அதே எண்ணுக்கு அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது.

உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "எங்கள் பக்கத்தில் செய்தி அனுப்பப்பட்டுவிட்டது, சார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அனுப்பியதும் வேறு, போய்ச் சேர்ந்ததும் வேறு. நீங்கள் கொடுக்கும் குறுஞ்செய்தி முதலில் என் எண்ணுக்குரிய நிறுவனத்தின் செய்தி மையத்துக்குப் போகிறது. அது அங்கே ஏற்கப்பட்டதுமே உங்கள் திரையில் 'அனுப்பப்பட்டது' என்று விழுந்துவிடலாம். என் போன் இப்போது எந்த நாட்டில், எந்த வலையமைப்பில் பதிவாகியிருக்கிறது என்று அந்த மையம் விசாரித்து, அந்த வலையமைப்பிடம் செய்தியை ஒப்படைக்க வேண்டும். அங்கே போன் கைக்குச் சிக்கவில்லை என்றால் செய்தி மையத்திலேயே காத்திருக்கும், விட்டுவிட்டு முயன்று பார்க்கும். முயற்சிகளுக்கு இடையிலான நேரம் போகப்போகக் கூடும். விமானப் பயன்முறையில் போட்டு எடுத்தபோது போன் புதிதாகப் பதிவானது, தேங்கிக் கிடந்தவை எல்லாம் ஒன்றாக வந்தன. இப்படி வரும்போது கேட்ட வரிசையிலேயே வரும் என்று உறுதியில்லை.

அன்றிரவே இதைச் சோதித்தும் பார்த்தேன். ஊரில் இருக்கும் தம்பியை அந்த எண்ணுக்குச் சாதாரண எஸ்எம்எஸ் ஒன்று அனுப்பச் சொன்னேன். அதுவும் பல நிமிடம் தாமதமாகத்தான் வந்தது. போனின் அமைப்புகளில் வலையமைப்பைத் தானாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்தி, கையால் வேறொரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தேன். அடுத்த செய்தி உடனே வந்தது. ஆகவே கோளாறு கடைசிக் கட்டத்தில், ரோமிங்கில்தான் இருந்தது. தம்பியின் செய்தி உடனே வந்து உங்களுடையது மட்டும் வராமல் இருந்திருந்தால், அனுப்பும் பக்கத்தைச் சந்தேகித்திருப்பேன். இந்த ஒரு சோதனையை உங்கள் சேவைப் பிரிவு வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாலே பலருடைய பாதி இரவு மிச்சமாகும்.

சரி, எண்ணையே மாற்றிவிடலாம் என்று பார்த்தால், அதற்குப் பழைய எண்ணுக்கு வரும் குறியீடு வேண்டும், இல்லாவிட்டால் கிளைக்கு நேரில் வர வேண்டும். வேறு நாட்டில் இருப்பவனிடம் நேரில் வா என்பது ஒரு வழியே ஆகாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த சிம்முக்கு உரிய நேரத்தில் பணம் கட்டாமல் விட்டால் எண் செயலிழக்கும், பிறகு வேறொருவர் கைக்கும் போகலாம். அதற்குப் பணம் கட்ட உங்கள் அட்டையைப் பயன்படுத்தினால், அந்தப் பரிவர்த்தனைக்கும் ஓடிபி அதே எண்ணுக்குத்தான் வருகிறது. எண் உயிரோடு இருக்கப் பணம் கட்ட வேண்டும், பணம் கட்ட எண் உயிரோடு இருக்க வேண்டும். இந்த வளையத்துக்குள் எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள் என்று யாராவது எண்ணிப் பார்த்தீர்களா?

நான் கேட்பது ஒன்றுதான். குறுஞ்செய்தி அல்லாத இன்னொரு வழி கொடுங்கள். அங்கீகாரச் செயலி என்கிற ஏற்பாடு புதிதல்ல, அதற்கான பொதுத்தரம் 2011இலேயே வெளியானது. ஒரே ஒரு முறை கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால், என் போனுக்கும் உங்கள் கணினிக்கும் பொதுவான ஒரு ரகசியம் பதிவாகிறது. அதன் பிறகு அந்த ரகசியத்தையும் கடிகாரத்தையும் வைத்து இரு பக்கமும் தனித்தனியே ஒரே குறியீட்டைக் கணக்கிடுகின்றன. பொதுவாக ஆறு இலக்கம், 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். சிம்மும் வேண்டாம், ரோமிங்கும் வேண்டாம், இணையம்கூட வேண்டாம். போனின் கடிகாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். போன் தொலைந்தால் சிக்கல்தான். அதற்காகத்தான் பல சேவைகள் ஒரு முறை மட்டும் பயன்படும் மாற்றுக் குறியீடுகளை முன்கூட்டியே கொடுத்து, அச்சிட்டு வைக்கச் சொல்கின்றன.

பாதுகாப்புக்காகத்தான் எஸ்எம்எஸ் என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆனால் என் பெயரைச் சொல்லி யாரோ ஒருவர் மாற்று சிம் வாங்கிவிட்டால் ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும். அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தொலைபேசி எண்ணுக்கு அனுப்பும் குறியீட்டைக் கட்டுப்பாட்டுக்குரிய முறை என்று வகைப்படுத்தியது. அதைப் பயன்படுத்துபவர்கள் வேறொரு வழியையும் தர வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே நான் கேட்பது சலுகை இல்லை. கணக்கு என்னுடையது, அதிலிருக்கும் பணமும் என்னுடையது. ஆறு நாளாக அதைத் தொட முடியாமல் இருக்கிறேன்.

வெளிநாடு கிளம்பப்போகிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. செயலி வழி, மாற்றுக் குறியீடு எதுவாக இருந்தாலும் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள், போன பிறகு அதைச் செய்யவும் ஓடிபி கேட்பார்கள். ரோமிங் அனுமதி இருக்கிறதா என்று ஊரிலேயே உறுதி செய்யுங்கள். ஊர் சிம்மை மேசை இழுப்பறையில் போடாமல், போனின் இரண்டாவது சிம் இடத்தில் போட்டு, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். எஸ்எம்எஸ் வர டேட்டா தேவையில்லை. ஒரு குறியீடு வரவில்லை என்றால் 'மீண்டும் அனுப்பு' பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், நான் செய்த தவறு அதுதான்.

பொறுப்பாளர்களே, செயலி வழியைக் கொண்டுவர நாளாகும் என்றால் அதுவரை இரண்டு சின்ன மாற்றங்களாவது செய்யுங்கள். ஒவ்வொரு ஓடிபி செய்தியிலும் அது கேட்கப்பட்ட நேரத்தை எழுதுங்கள். நீங்களே அனுப்பிக் காலாவதியான குறியீட்டைத் தட்டுவதைத் திருட்டு முயற்சிபோலத் தவறுக் கணக்கில் சேர்க்காதீர்கள். இந்த இரண்டும் இருந்திருந்தால் அன்றிரவு என் கணக்கு பூட்டப்பட்டிருக்காது.

குறுஞ்செய்தி அல்லாத இன்னொரு வழியைக் கொடுங்கள் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். என் கணக்கைத் திறப்பதற்குக் காணொளி அழைப்பில் கடவுச்சீட்டைக் காட்டி அடையாளத்தை உறுதி செய்ய நான் தயார். எந்த நாள், எந்த நேரம் என்று மின்னஞ்சலில் சொல்லுங்கள். தயவுசெய்து அந்த எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பிச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட கால வாடிக்கையாளர்