வே தண்ணீரைச் சாக்கடையில் விடச் சொல்லும் விடைக்குறிப்பைத் திருத்துங்கள்: தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கும் வினாத்தாள் குழுவினருக்கும்,

வணக்கம்.

உணவுத் தொழில்நுட்ப மாணவர்களுக்கான சுற்றுச்சூழல் மேலாண்மைத் தாளில் இம்முறை கேட்கப்பட்ட 16 மதிப்பெண் வினாவும், அதற்குத் தாங்கள் அனுப்பிய விடைக்குறிப்பும் தங்கள் முன் இருக்கும் என்பதால் அவற்றை முழுதாக எடுத்தெழுதவில்லை. நாளொன்றுக்கு 50,000 லிட்டர் பாலைக் கையாளும் ஆலை, அதில் 5,000 லிட்டரைப் பனீராக்குகிறது. அதிலிருந்து வரும் 4,000 லிட்டர் வே தண்ணீரின் பி.ஓ.டி., அதாவது அதிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு, லிட்டருக்கு 40,000 மில்லிகிராம். மற்ற கழுவுநீர் 75,000 லிட்டர், அதன் பி.ஓ.டி. 1,200. கழிவுக் குறைப்புப் படிநிலையைப் பயன்படுத்தித் தீர்வு கூறுக என்பது வினா. இந்தப் பாடத்தில் கேட்கத் தகுந்த மிக நல்ல வினா அது. என் மனக்குறை விடைக்குறிப்பைப் பற்றியது.

படிநிலையின் வரையறைக்கு 4 மதிப்பெண்; சல்லடை, எண்ணெய்ப் பொறி, சமப்படுத்தும் தொட்டி, காற்றேற்றத் தொட்டி, படிவுத் தொட்டி ஆகியவற்றின் படத்துக்கும் விளக்கத்துக்கும் 12. வே தண்ணீரை மற்ற கழுவுநீரோடு சமப்படுத்தும் தொட்டியில் கலந்து செறிவைக் குறைப்பதே முதல் படி என்கிறது அந்தக் குறிப்பு. தவிர்த்தலையும் குறைத்தலையும் மேலே வைத்த ஒரு படிநிலையைக் கேட்டுவிட்டு, அதன் கடைசிப் படிக்கு முக்கால் பங்கு மதிப்பெண்ணை ஒதுக்கியிருக்கிறது.

தாங்கள் கொடுத்த எண்களையே பெருக்கிப் பாருங்கள். 4,000 லிட்டர் வே தண்ணீரில் நாளொன்றுக்கு 160 கிலோ பி.ஓ.டி. இருக்கிறது; 75,000 லிட்டர் கழுவுநீரில் 90 கிலோதான். மொத்தக் கழிவுநீரில் இருபதில் ஒரு பங்காக உள்ள ஒரு நீர், சுமையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் சுமந்து வருகிறது. இரண்டையும் கலந்தால் தொட்டியில் லிட்டருக்குச் சுமார் 3,160 மில்லிகிராம் நிற்கும். பால் ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் வகுத்துள்ள 100 மில்லிகிராம் வரம்பைத் தொட, அதில் 97 விழுக்காட்டை நீக்க வேண்டும். வே தண்ணீரைத் தனியே பிடித்துவிட்டால் 1,200லிருந்து இறங்கினால் போதும். அது 92 விழுக்காடு, ஒழுங்காக நடத்தப்படும் காற்றேற்றத் தொட்டிக்கு எட்டக்கூடிய வேலை. சமப்படுத்தும் தொட்டி, ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைச் சீராக்கும். சுமையில் ஒரு கிராமைக்கூடக் குறைக்காது. செறிவை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டால், குழாயைத் திறந்துவிட்டு நீர்க்க வைப்பதும் சரியான விடையாகிவிடும். ஒரு கிலோலிட்டர் பாலுக்கு 3 கிலோலிட்டருக்கு மேல் கழிவுநீர் கூடாது என்று அதே விதிகள் அளவுக்கும் வரம்பு கட்டியிருக்கின்றன. இந்த ஆலையோ அந்த வரம்பில் பாதியைச் சற்றே தாண்டிய அளவைத்தான் பயன்படுத்துகிறது. இன்னும் 70,000 லிட்டர் தண்ணீரைக் கலந்து செறிவை ஏறக்குறையப் பாதியாக்கினாலும், அளவு வரம்பைத் தாண்டாமலேயே 250 கிலோ சுமையும் அப்படியே வெளியேறும் என்பதைத்தான் தங்கள் வினாவின் எண்கள் சொல்கின்றன.

விடைத்தாள் நகலை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்த ஒரு மாணவி இந்தக் கணக்கைத்தான் எழுதியிருந்தார். சுமைப் பட்டியல் போட்டு, வே தண்ணீருக்குத் தனிக் குழாய் வரைந்து, எஞ்சிய நீருக்கான சுத்திகரிப்பைக் கடைசியில் ஒரு பத்தியில் சொல்லியிருந்தார். அந்தப் பட்டியலின் மேல் சிவப்பு மையில் ஒரு குறுக்குக் கோடு. வரையறைக்குரிய 4 மதிப்பெண் மட்டும் தரப்பட்டிருந்தது. அதனால் அந்தத் தாள் அரியராகிவிட்டது. வளாக நேர்காணலில் கிடைத்த வேலை, அரியர் இல்லாமல் படிப்பை முடித்தால் மட்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. சரியாக எழுதியதற்காக வேலையை இழக்கும் நிலையில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு, விடைக்குறிப்பின்படிதான் மதிப்பெண் தர முடியும் என்ற பதில் எப்படி ஆறுதலாகும் என்று தங்களையே கேட்கிறேன்.

ஆசிரியப் பணிக்கு வருமுன் பால் ஆலையின் கழிவுநீர் நிலையத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரவுப் பணியில் வே தொட்டி மொத்தமாகத் திறந்துவிடப்பட்டதா என்பதை ஆய்வக அறிக்கை வரும் முன்பே ஊழியர்கள் அறிந்துவிடுவார்கள். காலையில் புளித்த வாடை அடிக்கும். லாக்டோஸ் லாக்டிக் அமிலமாகி, நீரின் காரஅமில அளவு 6க்குக் கீழே இறங்கியிருக்கும். காற்றேற்றத் தொட்டியின் மேல் வெள்ளை நுரை நிற்கும். ஒரு லிட்டர் அளவுச்சாடியில் கலவையைப் பிடித்து அரை மணி நேரம் வைத்தால், மற்ற நாள்களில் 300 மில்லி அளவுக்கு அமர்ந்துவிடும் சேறு, இழைநுண்ணுயிர்கள் பெருகிய நாள்களில் 700, 800லேயே உப்பிக்கொண்டு நிற்கும். பிறகு அந்தச் சேறு படிவுத் தொட்டியின் விளிம்பைத் தாண்டி வாய்க்காலுக்குப் போகும். இதற்குத் தீர்வாக இன்னொரு காற்றூதி வாங்கப் பரிந்துரைக்கும் பொறியாளர்களைத்தான் நம் தேர்வுகள் உருவாக்கிக்கொண்டிருக்கின்றன. பாடநூல்கள் படிநிலையைத் தலைகீழ் முக்கோணமாக வரைந்து நிறுத்திக்கொள்கின்றன. தேர்வு அதை மனப்பாடமாகக் கேட்கிறது. ஆலைக்குப் போனவர் அந்த முக்கோணத்தின் நுனியிலேயே வாழ்நாளைக் கழிக்கிறார்.

இந்த வினாவுக்குப் படிநிலை தரும் விடை சிக்கலானதன்று. பனீர் செய்தால் வே வரத்தான் செய்யும்; அதை முற்றிலும் தவிர்க்க முடியாது. ஆனால் பால் போதிய சூட்டிலும் புளிப்பிலும் திரிந்திருந்தால் அது பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் தெளிவாக வடியும். வெள்ளையாகக் கலங்கி வடிந்தால், பனீராக வேண்டிய பொருள் வடிகாலுக்குப் போகிறது என்று பொருள். அதைச் சரிசெய்வதே குறைத்தல். ஒரு பகுதியைப் புளிக்க வைத்து மறுநாள் பாலைத் திரிக்கப் பயன்படுத்துவது மறுபயன்பாடு. மீதியை அன்றைக்கே கால்நடைத் தீவனத்துக்குக் கொடுக்கலாம்; அளவு மீறினால் மாட்டுக்குக் கழிச்சல் கண்டுவிடும் என்பதால், வாங்குவோர் பலர் வேண்டும். சவ்வு வடிகட்டி வைத்துப் புரதம் பிரிப்பது 4,000 லிட்டருக்குக் கட்டுப்படியாவது கடினம் என்பதையும் ஒரு நல்ல விடை சொல்லும். கொடுக்க ஆளில்லாமல் எஞ்சுவதைக் காற்றில்லாச் செரிப்பானில் இட்டு எரிவாயு எடுக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான் காற்றேற்றத் தொட்டி வருகிறது.

ஆகவே, விடைக்குறிப்பைத் திருத்துங்கள் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். சுமைக் கணக்குக்கும், மூலத்திலேயே பிரிப்பதற்கும், ஒவ்வொரு படியும் ஏன் இயலும் அல்லது இயலாது என்ற காரணத்துக்கும் பெரும்பகுதி மதிப்பெண்ணை ஒதுக்கி, சுத்திகரிப்புக்கு அதற்குரிய சிறு பங்கை மட்டும் தர வேண்டும். திருத்திய குறிப்பைக் கொண்டு இந்த வினாவை எழுதிய அனைவரின் தாள்களையும், விண்ணப்பமோ கட்டணமோ கேட்காமல், மறுமதிப்பீடு செய்ய வேண்டும். சுத்திகரிப்பு முறையை மட்டும் எழுதியவர்கள் தங்கள் குறிப்பை நம்பிப் படித்தவர்கள். அவர்கள் பெற்ற மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம் என்றும் வேண்டுகிறேன். துணைத்தேர்வுக்கான பதிவு முடிவதற்குள் இதைச் செய்து தந்தால், பல மாணவர்கள் சரியாக எழுதிய ஒரு விடையை மறுபடி எழுதக் கட்டணம் கட்ட வேண்டியிராது. குறிப்பைத் திருத்தும் பணிக்கு உதவி தேவைப்பட்டால், தாங்கள் அழைக்கும் நாளில் வந்து உட்காரத் தயாராக இருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
உணவுத் தொழில்நுட்பத் துறை ஆசிரியர் ஒருவர்