போனைக் கொடுத்தால் பயம் போய்விடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு பெண், கணவர் தன் போனை வாங்கி வாங்கிப் பார்க்கிறார், என்ன செய்வதென்று தெரியவில்லை என்று கேட்டிருந்தார். உங்கள் பதிலாளர் அவருக்குச் சொன்னது இவ்வளவுதான்: “மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு? பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுங்கள். சந்தேகம் தானாகப் போய்விடும்.”

நெடுநாள் வாசகி என்ற உரிமையில் எழுதுகிறேன். அந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்துவிட்டு என்னால் அடுத்த பக்கத்தைப் புரட்ட முடியவில்லை. பாஸ்வேர்டைக் கொடுத்தவள் நான். சந்தேகம் போகவில்லை, வளர்ந்தது.

இது முதல் முறையும் இல்லை. சில மாதங்களுக்கு முன் “துணையின் போனில் கவனிக்க வேண்டிய இடங்கள்” என்று ஒரு கட்டுரை போட்டீர்கள். அழித்த படங்கள் எங்கே போகும், ஆர்க்கைவ் செய்த உரையாடல் எங்கே ஒளிந்திருக்கும் என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்தீர்கள். அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன். அதில் நடுப்பகுதியை நீக்கிவிட்டு, “பயனுள்ள கட்டுரை, இருவரும் கவனமாக இருக்க வேண்டும்” என்று நான் எழுதியதாக வெளியிட்டீர்கள். அந்த இதழை என் கணவர் எடுத்துவந்து மேசையில் வைத்து, “நீயே எழுதியிருக்கியே” என்று கேட்டார். அதைச் சொல்லி வருத்தப்படுவது என் நோக்கமில்லை. ஆனால் உங்கள் பக்கத்தில் அச்சாகும் ஒரு வரி ஒரு வீட்டுக்குள் வந்து என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் அவர் கேட்டது, இரவில் வந்த ஒரு அழைப்பு யாருடையது என்பதுதான். காட்டினேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினார். அடுத்து வாட்ஸ்அப் பார்த்தார். அதிலும் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நானே பார்த்தேன், அது பொய்யில்லை. ஆனால் முதலில் சில நாட்கள் நின்ற அந்த நிம்மதி, பிறகு மறுநாள் காலை வரைக்கும்தான் நின்றது. கடைசியில் நான் திரும்பப் போனைக் கையில் எடுக்கும் வரைதான். சொறியச் சொறிய அரிப்பு கூடுவதுபோல, ஒவ்வொரு முறை பார்த்து முடித்ததும் அடுத்த முறை சீக்கிரம் வந்தது. கேள்வியும் இடம் மாறிக்கொண்டே இருந்தது. மெசேஜில் இல்லையென்றால் அழைப்புப் பட்டியல். அதிலும் இல்லையென்றால், நள்ளிரவில் ஆன்லைனில் என்ன வேலை. அதற்கும் பதில் சொன்னால், அலுவலகத்தில் ஒருவர் “நன்றி” என்று எழுதிப் பக்கத்தில் ஏன் சிரிக்கும் பொம்மை போட்டார்.

ஒரு நாள் என் தோழி ஒருத்தி, வேறு யாரிடமும் சொல்லாத ஒரு உடல்நலச் சிக்கலை எனக்கு எழுதினாள். நான் படித்து முடித்ததும், தன் மெசேஜ்களை இரு பக்கமும் அழித்துவிட்டாள். என் கணவரும் என் போனைப் பார்ப்பார் என்று அவளுக்குத் தெரியும். அன்று இரவு அவர் போனை வாங்கியபோது திரையில் இருந்தது, மெசேஜ் நீக்கப்பட்டது என்ற ஒரே அறிவிப்பு, வரிசையாக மூன்று முறை. கட்டைவிரலை அந்த வரிகளின் மேலேயே வைத்துக்கொண்டு, மேலே தள்ளாமல், கீழே இழுக்காமல், வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். “இதுல என்ன இருந்துச்சு?” என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. அது என்னுடைய விஷயம் இல்லை. உங்கள் பதிலாளர் மொழியில் சொன்னால், என் மடியில் கனம் இருந்தது. அது இன்னொருத்தி என்னை நம்பித் தந்த கனம். ஒரு போனுக்குள் அதன் சொந்தக்காரர் மட்டும் இல்லை, அவரை நம்பிப் பேசிய அத்தனை பேரும் இருக்கிறார்கள். அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்கச் சொல்லும்போது அவர்கள் யாரையும் நீங்கள் கேட்கவில்லையே.

அதற்குப் பிறகுதான் இருவரும் ஓர் ஆலோசகரிடம் போனோம். போனில் என்ன இருந்தது என்று அவர் கேட்கவே இல்லை. என் கணவரிடம், “பார்த்து முடிச்சதும் வர்ற நிம்மதி எவ்வளவு நேரம் இருக்கு?” என்று கேட்டார். அதற்கு அவர் பதில் சொல்லச் சொல்லத்தான் எனக்கே விளங்கியது.

இதைப் பற்றி ஆய்வுகளே இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நெதர்லாந்து ஆய்வாளர்களான வான் டென் ஹவுட், கின்ட் இருவரும் 2003-இல் வெளியிட்ட சோதனை ஒன்றை ஆலோசகர் எங்களுக்குச் சொன்னார். கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைக் காட்டி, அதை அணைத்துவிட்டோமா என்று திரும்பத் திரும்பச் சரிபார்க்க வைத்தார்கள். பலமுறை சரிபார்த்தவர்களுடைய ஞாபகம் தவறவில்லை. ஆனால் அந்த ஞாபகம் மங்கலாகிவிட்டது, அதன் மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கையும் குறைந்துவிட்டது. அது அடுப்பை வைத்துச் செய்த சோதனைதான், கணவன் மனைவியை வைத்து அல்ல. ஆனாலும் என் கணவர் அதைக் கேட்டுவிட்டு, “எனக்கும் அப்படித்தான், பார்த்தது ஞாபகம் இருக்கு, ஒழுங்கா பார்த்தேனான்னுதான் தெரியல” என்றார். பார்ப்பதே சந்தேகத்துக்குத் தீனி போடுகிறது என்பதை அவர் வாயாலேயே சொன்னார்.

ஆலோசகர் ஒரு பழக்கம் கொடுத்தார். போனைப் பார்க்க வேண்டும் என்று கை பரபரக்கும்போது பார்க்காமல், ஒரு நோட்டில் மூன்று வரி எழுத வேண்டும். கண்ணால் கண்டது என்ன, அதிலிருந்து நினைத்தது என்ன, அது உண்மையாக இருந்தால் எதற்குப் பயப்படுகிறேன். பதற்றம் நூற்றுக்கு எவ்வளவு என்று பக்கத்தில் ஓர் எண். அரை மணி நேரம் கழித்து மறுபடி ஓர் எண். அதற்கப்புறமும் கேட்க வேண்டும் என்று தோன்றினால் என்னிடம் வாயால் கேட்கலாம், போனிடம் கேட்கக் கூடாது. என் பங்குக்கு நானும் ஒன்று செய்ய வேண்டியிருந்தது. கேட்டால் ஒருமுறை முழுதாகப் பதில் சொல்ல வேண்டும், அதே கேள்விக்கு இரண்டாம் முறை சமாதானம் சொல்லக் கூடாது, போனை எடுத்துக் காட்டவும் கூடாது. இதுதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. நீட்டிவிட்டால் அந்த இரவு அமைதியாகப் போகும் என்று தெரிந்தும் நீட்டாமல் உட்கார்ந்திருப்பது லேசில்லை.

ஒரு நாள் பக்கத்தை அவரே எனக்குக் காட்டினார். முதல் வரி: “மெசேஜ் பார்த்துச் சிரித்தாள், நான் வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.” இரண்டாவது: “யாரோ இருக்கிறார்கள்.” மூன்றாவது: “ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும், எனக்கு மட்டும் கடைசியில் தெரியும்.” எண் 80. அரை மணி கழித்து 45. அந்த மூன்றாவது வரியைப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அவர் சிறுவனாக இருந்தபோது அப்பா வீட்டை விட்டுப் போனார். தெருவுக்கே தெரிந்த விஷயம் அம்மாவுக்குக் கடைசியில்தான் தெரிந்தது. என்னை இழந்துவிடுவோமோ என்பதைவிட, எதுவும் தெரியாத முட்டாளாக நின்றுவிடுவோமோ என்பதுதான் அவரை அரித்திருக்கிறது. அந்தப் பயத்துக்கு என் போனுக்குள் எந்த இடத்தில் பதில் இருக்கும், சொல்லுங்கள். நாங்கள் அதைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகு, பார்ப்பது மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரேயடியாக நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். கைப் பரபரப்பு இன்றும் வருகிறது, நோட்டும் மேசையில்தான் இருக்கிறது.

எல்லாச் சந்தேகமும் வீண் என்று நான் வாதாட வரவில்லை. உண்மையிலேயே ஏமாற்றப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆலோசகர் எங்களுக்குச் சொன்ன வித்தியாசம் இது: நிஜமான காரணம் உள்ளவரால் இன்ன நாள், இன்ன பொய், இன்ன செலவு என்று சுட்டிக்காட்ட முடியும், அந்தக் கேள்வி பதில் வரும் வரை அங்கேயே நிற்கும். பயத்திலிருந்து வரும் கேள்வி பதில் கிடைத்ததும் வேறு இடத்துக்குத் தாவும். ஒருமுறை துரோகம் நடந்து, இருவரும் பேசி, கொஞ்ச காலத்துக்குப் போனைத் திறந்து வைக்கலாம் என்று ஒத்துக்கொண்டால் அது வேறு கதை. அங்கே ஒப்பந்தம் இருக்கிறது, எல்லை இருக்கிறது.

இன்னொன்றையும் உங்கள் பதிலாளர் யோசித்துப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. கடிதம் எழுதிய பெண், கணவர் போனைப் பிடுங்குகிறார், தரவில்லை என்றால் கத்துகிறார் என்றும் எழுதியிருந்தார். அது பயம் என்ற இடத்தைத் தாண்டிவிட்டது. போனைப் பிடுங்குவது, உடைப்பது, தெரியாமல் கண்காணிப்புச் செயலியைப் போட்டுவைப்பது, யாரிடம் பேசலாம் என்று கட்டளையிடுவது, இவையெல்லாம் இருக்கும் வீட்டில் நோட்டும் அரை மணி நேரமும் உதவாது, பாஸ்வேர்டு நிச்சயமாக உதவாது. அந்தப் பெண்ணிடம் முதலில் கேட்டிருக்க வேண்டியது “நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா?” என்பதைத்தான். அடுத்து, கணவர் பார்க்காத வேறொரு போனிலிருந்து நம்பிக்கையான ஒருவரிடம் பேசச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில், அவர் கையில் மிச்சமிருந்த ஒரே கதவின் சாவியையும் கொடுத்துவிடச் சொல்லி அச்சடித்திருக்கிறீர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் அதே பகுதியில், அந்தப் பதில் எல்லோருக்கும் பொருந்தாது என்று இரண்டு வரி போடுங்கள். கத்தல், மிரட்டல் பற்றி எழுதி வரும் கடிதங்களைப் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரிடம் காட்டிவிட்டுப் பதில் எழுதச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தையும் இடம் போதாமல் சுருக்க வேண்டியிருந்தால் என் வீட்டுக் கதையை எடுத்துவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. “இன்னொன்றையும்” என்று தொடங்கும் பத்தியை மட்டும் தயவுசெய்து ஒரு சொல்லும் குறைக்காமல் போடுங்கள். அந்தப் பெண் உங்கள் இதழை இன்னும் வாங்கிக்கொண்டிருக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம்)