டியூஷன் தொடங்கியிருக்கும் தங்கைக்கு: நாலு வாரத்துக்கு ஒரு தாள் போதும்

அன்புத் தங்கைக்கு,

உறையூர் வீட்டு மாடியில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை டியூஷன் ஆரம்பித்துவிட்டாய். சாயங்காலம் ஐந்தரையிலிருந்து எட்டு மணி வரை வகுப்பு, பகலில் வேலை, நடுவில் வீடு. "தெருவில் நாலு பேருக்குத் தெரிய வேண்டும், ஆனால் தினமும் உட்கார்ந்து போஸ்ட் போட எனக்கு நேரம் இல்லை அக்கா" என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கே போடுவது என்பதை முதலில் முடிவு செய்துகொள். உன்னிடம் பிள்ளை அனுப்பப்போகிறவர்கள் ஒன்று, ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள். அவர்கள் கையில் இருப்பது வாட்ஸ்அப். அதனால் இந்த நாலு வாரமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மட்டும் போதும். இன்ஸ்டாகிராம், யூடியூப் எல்லாம் காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். கூகுள் மேப்பில் டியூஷன் பெயரைச் சேர்க்க மட்டும் இன்றே விண்ணப்பித்துவிடு, சரிபார்த்து வர சில நாள் ஆகலாம்.

ஸ்டேட்டஸில் ஒரு சிக்கல் இருக்கிறது. நீ அவர்கள் எண்ணைச் சேமித்திருக்க வேண்டும், அவர்களும் உன் எண்ணைச் சேமித்திருக்க வேண்டும். இரண்டும் நடந்தால்தான் நீ போடுவது அவர்களுக்குத் தெரியும். புது டியூஷன்காரர்கள் பலர் அழகாகப் படம் போட்டுவிட்டு யாருமே பார்க்கவில்லையே என்று சோர்ந்துபோவது இதனால்தான். விசாரிக்க வரும் அம்மாவிடம் அங்கேயே, வாசலிலேயே, "என் நம்பரை டியூஷன் மிஸ் என்று சேவ் பண்ணிக்கோங்க, பாடம் என்ன நடக்குதுன்னு ஸ்டேட்டஸ்ல போடுவேன்" என்று சொல். அவர் சேமித்து முடிக்கும்வரை கூடவே நில்.

இனி தாளுக்கு வருவோம். ஒரு முழு வெள்ளைத்தாளில் நாலு வரிசை, மூன்று பத்தி என்று கோடு போடு. மொத்தம் பன்னிரண்டு கட்டம். திங்கள், புதன், சனி. தினமும் போட வேண்டாம். தினமும் போட ஆரம்பித்தால் இரண்டாம் வாரமே "காலை வணக்கம்" படமும் பண்டிகை வாழ்த்தும்தான் மிஞ்சும். அவற்றைப் பார்த்து யாரும் பிள்ளையைச் சேர்ப்பதில்லை.

பென்சிலால் எழுது. முதலில் உன் கையில் இல்லாத தேதிகளைக் குறி. பள்ளியில் இடைத்தேர்வு எப்போது, விடுமுறை எப்போது, உன் வீட்டில் கல்யாணம் காட்சி எப்போது என்று. அப்புறம் புதன்கிழமைக் கட்டம் நாலிலும் "போர்டு" என்று மட்டும் எழுதி, பக்கத்தில் வகுப்பையும் பாடத்தையும் குறித்து வை. அதற்கு வேறு தயாரிப்பு எதுவும் தேவையில்லை. வகுப்பு முடிந்து கரும்பலகையை அழிப்பதற்கு முன் ஒரு படம், கீழே இரண்டு வரி, அவ்வளவுதான். பத்தாம் வகுப்புக் கணக்கில் முதல் பாடம் உறவுகளும் சார்புகளும். A-இல் மூன்று உறுப்புகள், B-இல் இரண்டு என்றால் A × B-இல் ஆறு. அந்த ஆறு ஜோடிகளையும் பலகையில் எழுதிக் காட்டியிருப்பாய் அல்லவா, அதை அப்படியே எடு. "ஒரு மதிப்பெண் வினாவாக வரும், பெருக்கினால் போதும்" என்று எழுது. நீ எப்படி நடத்துகிறாய் என்று விளம்பரத்தில் சொல்ல முடியாததை அந்தப் படம் காட்டிவிடும்.

சனிக்கிழமைக் கட்டங்கள் பெற்றோர் கேட்கும் கேள்விகளுக்கு. நீயாக யோசித்து எழுதாதே. விசாரிக்க வருகிறவர்கள் கேட்பதை ஒரு நோட்டில் குறித்து வா, ஒரு வாரத்திலேயே நாலு கேள்வி சேர்ந்துவிடும். "தமிழ் மீடியம் பிள்ளையை இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளோடு சேர்த்து உட்கார வைப்பீங்களா?" என்பது கட்டாயம் வரும். உன் பதில் எதுவோ அதை ஒளிக்காமல் எழுது. கணக்குக்குச் சேர்ந்து உட்காருவார்கள், அறிவியலுக்கு ஆளுக்கொரு புத்தகம் வைத்துத் தனித்தனியாகச் சொல்லித்தருவேன் என்றால் அதையே சொல். இன்னொரு கேள்வி ஃபீஸ். என்னைக் கேட்டால் தொகையைப் போட்டுவிடுவதே நல்லது. போடாவிட்டால் கூச்சப்படுகிறவர்கள் கேட்காமலேயே போய்விடுவார்கள்.

திங்கட்கிழமைதான் அறிவிப்பு. முதல் வாரம் முகவரி, அடையாளத்துக்குப் பக்கத்துக் கடை, நேரம், வகுப்புகள். இரண்டாம் வாரம் எந்த வகுப்பில் எத்தனை இடம் மீதி என்பது, அதுவும் உண்மையான எண்ணிக்கை மட்டும். மூன்றாம் வாரத்துக்கு ஒன்று சொல்கிறேன், இது நன்றாகப் பரவும். பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளில் நூறு மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்று எழுது. ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் வினா 10, ஐந்து மதிப்பெண் வினா 10, கடைசியில் வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா எட்டு. அந்த ஒரு மதிப்பெண் வினாக்களும் கடைசி இரண்டு வினாவும் சேர்ந்தாலே 30. தேர்ச்சிக்கு 35. கணக்கு வராது என்று பயப்படுகிற பிள்ளையின் அம்மாவுக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி கிடையாது. நீயும் சனிக்கிழமைகளில் ஸ்கேலும் காம்பஸும் எடுத்துவரச் சொல்லிப் பயிற்சி கொடுக்கிறாய் என்றால் அதை இதோடு சேர்த்துப் போடு.

நாலாம் வாரத்தில் மட்டும் மூன்று கட்டமும் ஒரே விஷயத்துக்கு. அந்தச் சனிக்கிழமை தெருப்பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் வந்து எழுதலாம் என்று 20 மதிப்பெண்ணுக்கு ஒரு சின்னத் தேர்வு வை. திங்கள் அறிவிப்பு. புதன் போர்டில் அந்தத் தேர்வுக்கு மாதிரியாக ஒரு கணக்கு. சனிக்கிழமை காலை நினைவூட்டல். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடுவதால் ஒரே செய்தியை மூன்று முறை சொல்வதில் தவறில்லை. திருத்திய தாளைப் பெற்றோர் கையில் கொடுத்து, எந்தப் படியில் தடுமாறுகிறான் என்று ஐந்து நிமிடம் பேசு.

நேரக் கணக்கு இதுதான். முதல் ஞாயிறு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து தாளை நிரப்பி, திங்கட்கிழமை அறிவிப்புகள் நாலையும் எழுதிவிடு. வாட்ஸ்அப்பில் உனக்கு நீயே அனுப்பி வைத்துக்கொண்டால் அன்றைக்கு நகல் எடுத்துப் போட்டால் போதும். சனிக்கிழமைப் பதிலை போனில் பேசியே தட்டச்சு செய்யலாம், பத்து நிமிடம். இரவு எட்டரைக்கு அலாரம் வை. அந்த நேரத்தில்தான் அம்மாக்கள் போனைக் கையில் எடுக்கிறார்கள். ஒரு நாள் விட்டுப்போனால் விட்டுவிடு, மறுநாள் இரண்டாகப் போடாதே. ஒரு வாரம் ஒன்றுதான் முடியும் என்றால் போர்டு படத்தைப் போடு.

பிள்ளைகள் முகம் வேண்டாம், மதிப்பெண்ணும் பெயரும் வேண்டவே வேண்டாம். சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் எழுதிச் சம்மதித்தால் மட்டும் படம். நூறு சதவீதத் தேர்ச்சி என்று எழுதாதே, உன்னிடம் படித்து இன்னும் யாரும் பரீட்சையே எழுதவில்லை.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதே, சொந்தக்காரர்கள்தான் முதலில் பார்ப்பார்கள். விசாரிக்கிற ஒவ்வொருவரிடமும் "எதைப் பார்த்து வந்தீங்க?" என்று கேட்டு அதே நோட்டில் எழுது. நாலு வாரம் முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. யாரும் சொல்லாத கட்டத்தை எடுத்துவிட்டு அடுத்த தாளைச் சேர்ந்து போடுவோம்.

அன்புடன்,
அக்கா