மூன்றாவது கார்டில் போய்க்கொண்டிருக்கும் ஆள்

சுமதிக்கு,

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாடாங் கோத்தாவில் கடலைப் பார்த்தபடியே, பிரிந்துவிடலாம் என்று அவன் சொல்லி முடித்தான். நீ ஆயர் ஈத்தாம் வந்து சேர்ந்து, அம்மாவுக்கு மாத்திரை கொடுத்து, அம்மா தூங்கினதும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மூன்று டாரட் கார்டு பரப்பினாய். வழக்கம்போல நோட்டில் எழுதியும் வைத்தாய். அந்தப் பக்கம் இப்போது என் முன்னால் இருக்கிறது.

மேலே கேள்வி: "அவன் திரும்பி வருவானா?"

ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது இந்தக் கேள்வியோடு வந்தால் நீ என்ன சொல்வாய்? "அழுதுகிட்டு இருக்கும்போது கார்டு எடுக்காதே, இங்கே இல்லாத ஆளைப் பத்திக் கேட்காதே, ஆமா இல்லைன்னு கேட்காதே." மூன்றையும் ஒரே ராத்திரியில் மீறியிருக்கிறாய். அதற்காகத் திட்ட வரவில்லை. மருந்துக் கடைக்காரனுக்கும் தலைவலி வரும்.

விழுந்த கார்டுகள் இவை. நடந்ததுக்கு வாள் இரண்டு. நடப்புக்குக் கோப்பை ஐந்து. வரப்போவதுக்குக் கோப்பை ஆறு. மூன்றும் நேராகவே விழுந்தன.

முதல் கார்டில் நீ நேர்மையாக இருந்திருக்கிறாய். கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மார்புக்குக் குறுக்கே இரண்டு வாள். பின்னால் கடல், பாறைகள், பிறை. புத்தகத்தைப் பார்க்கும் முன்பே மனதில் பட்டதை எழுதிவிடுவது உன் பழக்கம். அந்த ஒரு பழக்கத்தை அன்றைக்கும் விடவில்லை. "கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். நாங்களும் ஜோகூர் பேச்சை எடுக்கவே இல்லை" என்று எழுதியிருக்கிறாய்.

அது உண்மை. அவனுக்கு ஜோகூர் பாருவில் வேலை கிடைக்கும் போலிருந்தது இரண்டு வருஷமாகத் தெரியும். டயாலிசிஸ் போகும் அம்மாவை விட்டுவிட்டு நீ பினாங்கைத் தாண்ட மாட்டாய் என்பது அவனுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தோறும் நாசி கண்டார் சாப்பிட்டீர்கள், தைப்பூசத்துக்கு ஒன்றாகத் தண்ணீர்மலை ஏறினீர்கள், இதை மட்டும் ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. கார்டுக்கு ஜோகூர் தெரியாது. படத்தைப் பார்த்து உன் வாயில் வந்தது அது. அந்த ராத்திரி கார்டு காட்டியது என்று நான் ஒப்புக்கொள்வது இந்த ஒரு வரியைத்தான்.

நடுக் கார்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கறுப்பு அங்கி, கவிழ்ந்த மூன்று கோப்பை, முதுகுக்குப் பின்னால் கவிழாத இரண்டு. பிரிந்து வந்த அன்றைக்கு இந்தக் கார்டு எடுத்தால் "பார், இரண்டு நிற்கிறது" என்று ஆறுதல் சொல்வது டாரட் பார்ப்பவர்களின் வாடிக்கை. நீயும் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாய்! உனக்கே வந்தபோது "தெரியும்" என்று ஒரே சொல் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறாய்.

விஷயம் மூன்றாவது கார்டில் இருக்கிறது.

கோப்பை ஆறில் ஒரு பழைய வீட்டு முற்றம். வெள்ளைப் பூ வைத்த ஒரு கோப்பையை ஒரு பையன் சின்னப் பெண்ணிடம் நீட்டுகிறான். அதற்குக் கீழே நீல மையில் நீ எழுதிய முதல் வரி: "பின்னாடி ஈட்டியோட ஒரு ஆள் முதுகைக் காட்டிப் போய்க்கிட்டு இருக்கான்." அதன் கீழே சிவப்பு மையில், பெரிய எழுத்தில்: "திரும்பி வருவான்!!" இரண்டு ஆச்சரியக்குறி. நீல வரிக்கும் சிவப்பு வரிக்கும் நடுவில் எழுந்து போய் வேறு பேனா தேடியிருக்கிறாய். அந்த நேரத்தில் போனில் இந்தக் கார்டுக்கு என்ன அர்த்தம் என்று பார்த்திருப்பாய். "பழைய காதல் திரும்பும்" என்று பத்து இடத்தில் போட்டிருக்கும்.

அலமாரியில் இருக்கும் புத்தகத்தை நீ எடுத்திருக்கலாம். நாம் வைத்திருக்கும் கார்டுக் கட்டு 1909-ல் லண்டனில் வெளிவந்தது. வரையச் சொன்னவர் வெயிட், வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். அதற்கு முந்தைய பெரும்பாலான கட்டுகளில் கோப்பை ஆறு என்றால் ஆறு கோப்பை அடுக்கியிருக்கும், அவ்வளவுதான். அந்த அம்மாதான் கோப்பை, வாள், கோல், நாணயம் என்று எண் போட்டு வரும் சின்னக் கார்டுகளுக்கும் ஆள், வீடு, வானம் எல்லாம் வரைந்து வைத்தார். ஆள் இருந்தால் கதை வரும். கதை வந்தால் நாம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வோம்.

வெயிட் இந்தக் கார்டுக்கு என்ன எழுதினார் என்று இன்றைக்குப் பார்த்தேன். நேராக விழுந்தால் கடந்த காலம், நினைவுகள், மறைந்துபோனவை. அடுத்த வரியிலேயே, வேறு சிலர் இதைத் திருப்பிப் போட்டு புது உறவு, புது இடம் என்றும் சொல்வார்கள் என்கிறார். தலைகீழாக விழுந்தால் எதிர்காலம், சீக்கிரம் நடக்கப்போவது. ஆக ஒரே கார்டில் போனதும் இருக்கிறது, புதியதும் இருக்கிறது, வரப்போவதும் இருக்கிறது. பழைய காதலன் திரும்பி வருவது மட்டும் அவர் எழுதியதில் இல்லை. அது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. போனது என்று சொல்லும் ஒரு கார்டை, வரப்போவது என்று பேர் வைத்த இடத்தில் போட்டால் இரண்டையும் கலந்து "போனது வரும்" என்று படிப்பது ரொம்ப சுலபம். நானாக இருந்தாலும் அப்படித்தான் படித்திருப்பேன். நான்தானே படித்தேன்.

உனக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்திருக்கிறது. இல்லையென்றால் தெளிவுக்கு என்று மேலும் கார்டு எடுத்திருக்க மாட்டாய். நாணயம் ஏழு, துறவி, வாள் சேவகன், நான்காவதாகக் கோப்பை வீரன். குதிரையில் கோப்பையோடு வருகிறவன். அங்கே நிறுத்திவிட்டாய். ஏன் அங்கே? முதல் மூன்றும் பிடிக்கவில்லை, நான்காவது பிடித்தது. துக்கக் கார்டான வாள் ஒன்பது விழுந்திருந்தால் ஐந்தாவதும் எடுத்திருப்பாய்.

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் கட்டு முழுவதையும் மேசையில் பரப்பி, அன்றைய மனநிலையில் எந்தெந்தக் கார்டை "வருவான்" என்று படித்திருப்பாய் என்று எண்ணினேன். கோப்பையில் ஒன்று, இரண்டு, ஆறு, பத்து, வீரன். தனித்தனிப் பேர் உள்ள பெரிய கார்டுகளில் காதலர், நட்சத்திரம், சூரியன், தீர்ப்பு, சக்கரம், உலகம். கோலில் நான்கு. மொத்தம் 12, 78-ல். கணக்குப் போட்டால், மூன்று கார்டு எடுக்கும்போது இவற்றில் ஒன்றாவது வர நூற்றுக்குச் சுமார் 40 வாய்ப்பு. ஏழு கார்டு எடுத்தால் சுமார் 70. அவன் ஜோகூரில் இருந்தாலும் சரி, நிலாவில் இருந்தாலும் சரி, இந்தக் கணக்கு மாறாது. நான் தாராளமாக எண்ணவும் இல்லை. அந்த ராத்திரி நீ பேய்க் கார்டைக்கூடச் சாதகமாகப் படித்திருப்பாய்.

அம்மா பூக்கட்டிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலில், இந்த பிளாட்டை வாங்கலாமா வேண்டாமா என்று. சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம். கட்டுவதற்கு முன்பே, "வெள்ளை வந்தா வாங்குறோம் தாயே" என்று அம்மன் முன்னால் சத்தமாகச் சொன்னாள். பக்கத்தில் நின்ற யார் வீட்டுக் குழந்தையோ எடுத்துக் கொடுத்தது. பிரித்தாள், வெள்ளை. சிவப்பு வந்திருந்தால் நாம் இன்னும் ஜெலுத்தோங்கில் வாடகைக்குத்தான் இருப்போம், ஏனென்றால் அம்மா இரண்டாவது தடவை கட்டியிருக்க மாட்டாள்.

நீ கேட்டது பூக்கட்டும் கேள்வி. கையில் எடுத்தது மூன்று கார்டு. பூவுக்கு எடுப்பதற்கு முன்பே அர்த்தம் சொல்லியாகிவிட்டது. உன் கார்டுக்கு எடுத்த பிறகு, அதுவும் வேறு பேனாவில், அர்த்தம் வந்தது. லிட்டில் இந்தியாவில் கடை வாசல் அஞ்சடியில் கிளி வைத்துக்கொண்டு ஒரு தாத்தா உட்கார்ந்திருப்பாரே, அவரைப் பார்த்து அம்மா சொல்வாள்: "கிளி சீட்டைத்தான் எடுக்குது. கதையத் தாத்தா சொல்றாரு."

கார்டில் இல்லாததையும் எழுதிவிடுகிறேன். அவன் மே மாதமே தன் அக்காவிடம் சொல்லிவிட்டது கார்டில் இல்லை. ஜோகூரில் அறை பார்த்து முன்பணம் கொடுத்தது இல்லை. இரண்டையும் பட்டர்வொர்த் கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த அவன் சித்தி மகள், பாயசம் ஊற்றும்போது சொன்னாள். பாடாங் கோத்தாவில் அவன் அழுதானே, அது எதற்கு என்பதும் கார்டில் இல்லை. அதை அவனிடம் கேட்டிருக்க வேண்டும். நீ கேட்கவில்லை, கார்டிடம் கேட்டாய்.

இப்போது உனக்குள் ஒரு குரல் வரும், எனக்கும் வந்தது: "பாத்தியா, ஈட்டிக்காரன் போறதை முதல்லயே எழுதிட்டேன், கார்டு சரியாத்தான் சொல்லிச்சு." வேண்டாம். அவன் வந்திருந்தால், பூ நீட்டுகிற பையன்தான் அவன் என்று சொல்லியிருப்பாய். அந்த ஆள் 1909-லிருந்து அந்த முற்றத்தில் போய்க்கொண்டே இருக்கிறான். நீ அவனை முதலில் கவனித்தாய் என்பது, அன்றைக்கு உனக்கு என்ன தெரிந்திருந்தது என்பதைச் சொல்கிறது. அவன் வருவானா மாட்டானா என்பதைச் சொல்லவில்லை.

இன்றைக்குப் புதிதாகப் பரப்பவில்லை. பழைய மூன்றையே எடுத்து வைத்து, இடங்களுக்கு மட்டும் வேறு பேர் கொடுத்தேன், கார்டைத் திருப்பும் முன்பே எழுதி: நான் சொல்லாமல் விட்டது, எனக்கு வலிக்கிறது, இந்த வாரம் செய்ய வேண்டியது. முதல் இரண்டும் அப்படியே பொருந்தின. மூன்றாவதில் கோப்பை ஆறைப் பார்த்ததும், கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கும் அவன் ஹெல்மெட் ஞாபகம் வந்தது. இதுவும் என் வாயில் வந்த கதைதான். ஆனால் ஹெல்மெட் நிஜமாகவே தொங்குகிறது, ஏழு வாரமாக.

சனிக்கிழமை அதை அவன் அக்கா வீட்டில் கொடுத்துவிட்டு வா. அக்கா கோப்பி போடுவாள், வேண்டாம் என்று சொல்லாமல் குடி. அம்மாவுக்கு அன்றைக்கு டயாலிசிஸ் காலை ஏழு மணிக்கு, அது முடிந்த பிறகு போ.

சுமதி