மச்சி என்றும் பெருந்தகையீர் என்றும் அழைக்கும் எங்கள் வங்கிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விளம்பரப் பிரிவுத் தலைமை அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். எந்தப் பிரசாரத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். "ஒரு நிமிடம் பொறுங்கள்" என்று மூன்றே சொல்லில் எழுதி, கிளைக்குக் கிளை ஒட்டியது உங்கள் பிரிவுதான். விளம்பர வாசகம் எழுதிப் பிழைக்கும் ஆள் என்ற முறையில் சொல்கிறேன், அது நல்ல வாசகம். ஆன்லைன் மோசடி செய்பவனுக்கு வேண்டியது நம் அவசரம். அந்த அவசரத்தை நிறுத்து என்று நேராகச் சொல்கிற வாசகம் அது.

அந்த வாசகத்தை இந்த ஆண்டு இரண்டாக உடைத்ததும் உங்கள் பிரிவுதான். முதியோருக்கான சுவரொட்டியில், "மூத்த குடிமக்களாகிய பெருந்தகையீர்! தங்களின் மேலான சேமிப்பினைப் பேணிக் காத்திட, பரிவர்த்தனைக்கு முன்னதாகச் சற்றே பொறுத்தருள்க!" என்று இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கானதில், "மச்சி, ஒரு செகண்ட் வெயிட் பண்ணு! சேஃபா இரு, கெத்தா இரு! இப்பவே ஆப்பை டவுன்லோடு பண்ணு!" கூடவே நெருப்புப் படம் மூன்று. இரண்டும் எங்கள் கிளையில் பாஸ்புக் அச்சிடும் இயந்திரத்துக்கு மேலே அடுத்தடுத்துத் தொங்குகின்றன. பொறு என்று தொடங்கி இப்பவே என்று முடிகிற விளம்பரத்துக்கு ஒப்புதல் கொடுத்தவர் அதைக் கடைசி வரி வரைக்கும் படித்தாரா என்று தெரிந்துகொள்ள ஆசை. சரி, அது இருக்கட்டும்.

பெருந்தகையீர் குரல் சுவரொட்டியோடு நிற்கவில்லை, எஸ்எம்எஸ்ஸிலும் வந்துவிட்டது. என் அப்பாவுக்கு 74 வயது. அவருக்கு உங்கள் வங்கியிலிருந்து வந்த செய்தி இது: "தங்களின் கேஒய்சி விவரங்களை உடனடியாகப் புதுப்பித்திட வேண்டுகிறோம். தவறின் கணக்கு முடக்கப்படும்." கீழே ஒரு சுருக்கிய இணைப்பு. அப்பா உங்கள் வாசகம் சொன்னபடியே செய்தார். இணைப்பைத் தொடவில்லை. பொறுத்தார். மறுநாள் போனை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய் கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் காட்டினார். அந்தப் பெண் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துப் பார்த்து, "இது ஃப்ராடு மெசேஜ் சார், டெலீட் பண்ணிடுங்க" என்றார். அப்பா நீக்கிவிட்டார்.

அது உண்மையான செய்தி. கொஞ்ச நாள் கழித்து மருந்துக் கடையில் கார்டு வேலை செய்யவில்லை. ஒரு மாதத்துக்கான பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் பையில் போட்டு, பில்லும் அடித்தாயிற்று. பின்னால் நிற்பவர்கள் பார்க்க, "பரவாயில்லை தம்பி, ஒரு அட்டை மாத்திரை மட்டும் கொடுங்க" என்று பையிலிருந்ததை அப்பா ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்திருக்கிறார். கடைக்காரர் எனக்குப் போன் செய்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. முப்பது வருடமாக உங்கள் வங்கி வழியாகச் சம்பளமும் பென்ஷனும் வாங்கும் மனிதர் அவர். எந்தத் தவறும் செய்யாமல் நீங்கள் சொன்னதை மட்டும் செய்ததற்கு இது.

கவுன்ட்டர் பெண்ணை நான் குறை சொல்லவே மாட்டேன். அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த ஒரே அடையாளம் செய்தியின் குரல்தான். பயமுறுத்தல், உடனடி, ஒரு இணைப்பு என மோசடிக்காரனின் செய்தியில் என்னென்ன இருக்குமோ அத்தனையும் அதில் இருந்தன. என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பத்து வயது தாண்டிய பிள்ளைகள் தாங்களே கணக்கைத் தொடங்கி நடத்தலாம் என்ற விதியை ரிசர்வ் வங்கி 2025இல் சீரமைத்த பிறகு உங்களிடம் கணக்கு தொடங்கியவள். "ஹாய் மச்சி" என்று வாட்ஸ்அப்பில் வந்த உங்கள் செய்தியைப் பார்த்ததும் அந்த எண்ணை பிளாக் செய்துவிட்டாள். "பேங்க் இப்படியெல்லாம் பேசுமாப்பா?" என்று கேட்டாள். அதுவும் உண்மையான செய்திதான்!

என் கோரிக்கை ஒன்றுதான். வாசகம் ஒன்றாகவே இருக்கட்டும், பேசுபவரும் ஒருவராகவே இருக்கட்டும். சோப்பு விற்கிறவர் ஆளுக்கொரு குரலில் பேசினால் விளம்பரம் கொஞ்சம் கலைந்து தெரியும், அவ்வளவுதான். வங்கி அப்படிப் பேசினால், எது வங்கி, எது திருடன் என்று பிரித்துப் பார்க்க வாடிக்கையாளரிடம் இருக்கும் கருவியே போய்விடுகிறது.

வயதுக்கு ஏற்ப மாற்றவே கூடாது என்று சொல்ல வரவில்லை. எதை மாற்றுவது என்பதில்தான் தவறு நடந்திருக்கிறது. நைக்கி நிறுவனம் 1988இல் "Just Do It" வாசகத்தை அறிமுகப்படுத்தியபோது முதல் விளம்பரத்தில் ஓடியவர் வால்ட் ஸ்டாக் என்ற 80 வயதுக்காரர். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் சட்டையில்லாமல் ஓடியபடியே, தினமும் காலையில் 17 மைல் ஓடுவதாகச் சொல்கிறார். குளிரில் பல் கிட்டாமல் எப்படி ஓடுகிறீர்கள் என்று கேட்கிறார்களாம், பல்லை லாக்கரிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறேன் என்கிறார். முதியவர் என்பதற்காக வாசகத்தில் மரியாதை மாவு பூசவில்லை. இளைஞர்கள் வாங்க வேண்டும் என்பதற்காகக் கிழவரைக் குல்லா திருப்பிப் போட்டு ஆடவிடவும் இல்லை. ஆளும் கதையும் மட்டும்தான் அவருக்குரியவை. வாசகமும் அதன் குறும்பும் எல்லோருக்கும் பொது.

உங்கள் வாசகத்துக்கு இதையே செய்து பார்ப்போம். அப்பாவை எங்கே மாட்டவைப்பார்கள்? போலீஸ் சீருடையில் வீடியோ காலில் வந்து, "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், போனை வைக்கக் கூடாது" என்று மிரட்டுவார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது. அப்படியானால் அவருக்கான விளம்பரம்:

"வீடியோ காலில் போலீஸ் பேசுகிறாரா? ஒரு நிமிடம் பொறுங்கள். போனை வைத்துவிட்டு வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்."

மகளுக்கு வரும் ஆபத்து வேறு. பழைய புத்தகத்தையோ கேம் கணக்கையோ விற்கப் போவாள். வாங்குகிறவன், "பணம் வர இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடு" என்பான். பணம் அனுப்பத்தான் யுபிஐ பின் வேண்டும், வாங்குவதற்கு வேண்டியதே இல்லை. ஆகவே:

"பணம் வாங்க பின் போடச் சொல்கிறார்களா? ஒரு நிமிடம் பொறுங்கள். பின் போட்டால் பணம் போகும், வராது."

முதலில் ஆபத்து வருகிற தருணம், நடுவில் எழுத்து மாறாத வாசகம், கடைசியில் செய்ய வேண்டியது அல்லது தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. இரண்டிலும் இதே வரிசை, இதே நிதானம். உடனே, இப்பவே, கடைசி நாள் போன்ற சொற்கள் எதிலும் இல்லை. ஆச்சரியக்குறியும் இல்லை. இரண்டு பேருக்கும் "நீங்கள்"தான். பதினைந்து வயதுப் பிள்ளையை வங்கி நீங்கள் என்று அழைத்தால் அந்நியமாகத் தோன்றும் என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். கணக்கு வைத்திருக்கிற ஆளாகத் தன்னை மதிக்கிறார்கள் என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். வானொலியிலும் ரீல்ஸிலும் வரும்போது "பொறுங்க" என்று பேச்சில் சொல்லுங்கள், தப்பில்லை. அதையும் இருவருக்கும் ஒரே மாதிரி சொல்லுங்கள்.

வேறு எதை மாற்றலாம்? அப்பாவுக்கு எழுத்தைப் பெரிதாக்குங்கள், சொல்லைப் பெரிதாக்க வேண்டாம். மகளுக்கு நேரத்தைக் குறையுங்கள், ரீலின் முதல் இரண்டு மூன்று நொடிக்குள் அந்தத் தருணம் வந்துவிட வேண்டும். கெத்து, மாஸ் எல்லாம் சுவரொட்டி மஞ்சளாவதற்கு முன்பே பழசாகிவிடும் சொற்கள். அதுவும் வங்கியின் வாயில் வரும்போது முதல் நாளே பழசுதான்.

அச்சடிக்கும் முன் சோதித்துப் பார்க்க நீங்கள் ஏஜென்சிக்குப் பெருந்தொகை கொடுக்க வேண்டியதில்லை. லோகோவை மறைத்துவிட்டு இரண்டு விளம்பரத்தையும் காட்டுங்கள். இரண்டையும் ஒருவரே சொல்கிறார் என்று பார்ப்பவருக்குத் தோன்ற வேண்டும். ஐந்து நொடி காட்டி எடுத்துவிட்டு, "இப்படி ஒரு போன் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். விளம்பரம் நன்றாயிருக்கிறது என்று பதில் வந்தால் அது தேறவில்லை என்று அர்த்தம், என்ன செய்வேன் என்பதை அவர் தன் சொல்லில் சொல்ல வேண்டும். அப்புறம் முக்கியமான சோதனை. உங்கள் செய்திகளோடு நிஜமான மோசடிச் செய்திகள் சிலவற்றைக் கலந்து, ஒரு தாத்தாவிடமும் ஒரு பேத்தியிடமும் உங்கள் கிளை ஊழியரிடமும் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். ஊழியரே தடுமாறினால் அந்தச் செய்தி வெளியே போகக் கூடாது.

பிரித்துப் பார்க்க வெளியே வேறு அடையாளங்களும் வந்திருக்கின்றன. வங்கிகளின் இணையதள முகவரி bank.in என்று முடிய வேண்டும் என ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. நல்லதுதான். ஆனால் நீங்கள் சுருக்கிய இணைப்பு அனுப்பினால் அந்த முகவரி யார் கண்ணுக்குத் தெரியும்?

உங்கள் ஆப்பைத் திறந்தால் மேலே "ஒரு நிமிடம் பொறுங்கள்" என்று இருக்கிறது. அதன் மேலேயே வந்து விழுகிறது, "முன் அனுமதி பெற்ற கடன்! ஒரே கிளிக்கில்! இன்று மட்டும்!" மூடுவதற்கான பெருக்கல் குறி கடுகளவு. பொறுமை எங்களுக்கு, அவசரம் உங்களுக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டோமா? ஃபிக்ஸட் டெபாசிட் போட வந்த அப்பாவிடம் இன்சூரன்ஸ் விற்ற நாளில் யாரும் அவரை ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று பென்சிலால் குறித்துத் தயாராகவே வைத்திருந்தார்கள்.

மன்னிக்கவும். கடன் விளம்பரம் வேறு பிரிவு, இன்சூரன்ஸ் இன்னொரு பிரிவு என்பீர்கள். வாடிக்கையாளருக்கு எல்லாம் ஒரே வங்கிதான். அதனால்தான் இதை உங்கள் பிரிவிடம் கேட்கிறேன். குரல் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, கேஒய்சி எஸ்எம்எஸ் அனுப்பும் பிரிவுக்கும் கொடுங்கள். பெருந்தகையீரையும் மச்சியையும் சுவரிலிருந்து இறக்குங்கள். வாசகம் ஒன்றாகவும் பேசுபவர் ஒருவராகவும் இருக்கட்டும்.

மேலே எழுதியிருக்கும் இரண்டு விளம்பரங்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், கட்டணம் வேண்டாம். அதற்குப் பதிலாக ஒன்று செய்தால் போதும். அடுத்த சுற்று கேஒய்சி செய்திகளை அனுப்பும் முன், அந்தச் செய்தியைக் கிளைகளுக்கு ஒரு நாள் முன்னதாக அனுப்பி, கவுன்ட்டரில் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். அப்பா இந்த முறையும் போனை எடுத்துக்கொண்டு அங்கேதான் வருவார்.

இப்படிக்கு,
இரண்டு தலைமுறைக் கணக்குகளுக்கு நடுவில் இருக்கும் உங்கள் வாடிக்கையாளர்