ஆசிட் லாரி ஓட்டுபவருக்கும் கேன் தூக்குபவருக்கும் ஆண்டுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுங்கள்

ஆபத்தான சரக்குப் போக்குவரத்துக்குப் பொறுப்பான மத்திய, மாநில அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் மணலி பக்கம் ஒரு ரசாயன குடோனில் மேற்பார்வையாளர். அதற்கு முன் பதினோரு ஆண்டு டேங்கர் ஓட்டியவன். சட்டமும் விதியும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போன மாதம் எங்கள் குடோன் வாசலில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு சாயப்பட்டறைக்குப் போக வேண்டிய லோடு அது. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 20 கேன், நாங்கள் ஹைப்போ என்று சொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட் 12 கேன். இரண்டிலும் ஒட்டியிருந்தது ஒரே படம்: சோதனைக் குழாயிலிருந்து சொட்டும் திரவம் கையையும் இரும்பையும் அரிப்பது போன்ற, அரிக்கும் சரக்குக்கான எட்டாம் வகுப்பு ஸ்டிக்கர். ஒரே ஸ்டிக்கர் இருப்பதால் லோடுமேன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே ஸ்டிக்கர் உள்ளதை ஒரே இடத்தில் வை என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தான்.

ஸ்டிக்கருக்குப் பக்கத்தில், உள்ளே என்ன சரக்கு என்று காட்டும் யு.என். எண்ணை யாரும் பார்க்கவில்லை. ஆசிட்டுக்கு யு.என். 1789, ஹைப்போவுக்கு 1791. இரண்டும் அரிக்கும் சரக்குதான், ஆனால் ஒன்றோடொன்று சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஹைப்போ சும்மா இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக வாயு விடும், அதனால் அதன் மூடியில் காற்று போக வழி வைத்திருப்பார்கள். கேன் சாய்ந்தால் அந்த வழியாகவே திரவமும் கசியும். அன்றைக்கு ஒரு ஹைப்போ கேன் சாய்ந்திருந்தது. கீழே இருந்த ஆசிட் கேன் ஒன்று அடியில் விரிசல் விட்டிருந்தது. லாரியின் தளத்தில் இரண்டும் சந்தித்துக்கொண்டன.

முதலில் நீச்சல் குளத்து வாடை வந்தது. அப்புறம் மஞ்சளும் பச்சையும் கலந்த புகை தளத்தோடு தவழ்ந்து வந்தது. லோடுமேன் பயந்து குதித்தார். குதித்த இடம் லாரி பின்வாங்கி நிற்கும் பள்ளம். குளோரின் காற்றை விடக் கனமானது, பள்ளத்தில்தான் போய்த் தங்கும். மேலே ஏறு, காற்று வரும் பக்கம் ஓடு என்று நான் கத்தியது அவர் காதில் விழவில்லை. இரண்டு பேர் மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு இறங்கித் தூக்கி வந்தார்கள். அதுவும் தப்புதான், ஈரத்துணி குளோரினைத் தடுக்காது. நல்ல வேளை, கசிந்தது சில லிட்டர்தான். அவர் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இன்றைக்கும் மாடிப்படி ஏறினால் இருமுகிறார்.

லாரி டிரைவரிடம் சான்றிதழ் இருந்தது. அபாயகரமான சரக்கு ஓட்ட அனுமதி என்று லைசென்சில் பதிவும் இருந்தது, காலாவதியாக இன்னும் இரண்டு ஆண்டு மிச்சம். விபத்து நடந்தால் என்ன செய்வது என்று சொல்லும் ட்ரெம் கார்டு சீட்டுக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்காமல் இருந்தது. அதுவும் ஆசிட்டுக்கு மட்டும். பிறகு அவரிடம் கேட்டேன். "அண்ணே, ரெண்டு மணி நேரம் வீடியோ போட்டாங்க, போட்டோ எடுத்தாங்க, கையெழுத்து வாங்கிக்கிட்டு அனுப்பிட்டாங்க" என்றார். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 9ஆவது விதி சொல்வது மூன்று நாள் பயிற்சி. வகுப்புக் குறியீடு, ட்ரெம் கார்டு, சிந்தினால் என்ன செய்வது, தீயணைப்பு, முதலுதவி எல்லாம் அந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அதில் ஒன்றையாவது கையால் செய்து பார்த்திருந்தால் அந்த டிரைவர் அன்றைக்கு வாயு போகும் திசையிலேயே ஓடியிருக்க மாட்டார்.

நான் ஓட்டிய காலத்தில் இந்த லைசென்ஸ் ஓர் ஆண்டுக்குத்தான். புதுப்பிக்க ஒரு நாள் மறுபயிற்சி கட்டாயம். அலுத்துக்கொண்டுதான் போவோம், ஆனால் ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்த எண்களைப் பார்த்தோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் அதை மூன்று ஆண்டாக்கியது. டிரைவருக்கு அலைச்சல் குறையட்டும் என்ற எண்ணம் எனக்குப் புரிகிறது. அலுவலகத்துக்கு ஒரு முறை போனால் ஒரு நாள் கூலி போகும். அதனால் லைசென்ஸ் மூன்று ஆண்டாகவே இருக்கட்டும். புதுப்பிப்பதற்கான நிபந்தனைகளை மத்திய அரசு வகுக்கலாம் என்று அதே திருத்தம் சொல்கிறது அல்லவா? அந்த நிபந்தனையாக ஆண்டுக்கு ஒரு நாள் பயிற்சியை வையுங்கள். லாரிகள் காத்து நிற்கும் யார்டிலேயே நடத்துங்கள். அன்றைய கூலியை லாரி முதலாளியும் சரக்கு அனுப்புபவரும் கொடுக்கட்டும்.

குடோன் ஆட்களின் நிலை இதைவிட மோசம். டிரைவருக்காவது மூன்று ஆண்டு என்று ஒரு கணக்கு உண்டு. அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989 விதிகள், அங்கே வேலை செய்பவர்களுக்குத் தகவலும் பயிற்சியும் கொடுக்கச் சொல்கின்றன. எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்று அதில் இல்லை. அதனால் வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு முறை சொன்னதோடு சரி. இதே கேன் விமானத்தில் போவதாக இருந்தால், அதைக் கையாளும் ஆட்கள் 24 மாதத்துக்குள் திரும்பப் பயிற்சி எடுத்துத் தேற வேண்டும். ஐரோப்பாவில் டிரைவர் சான்றிதழுக்கு ஐந்து ஆண்டு, நம்மைவிட நீண்ட காலம்தான். ஆனால் புதுப்பிக்கும்போது அங்கே தேர்வு உண்டு, தேறாமல் கிடைக்காது. எங்கள் லோடுமேனிடம் பதினான்கு ஆண்டில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

இதை எழுதும்போது வேறு பலவும் நினைவுக்கு வந்து மனம் கொதிக்கிறது. இறக்கி முடித்த லாரியில் பழைய சரக்கின் யு.என். எண் பலகையோடு அடுத்த சரக்கை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். நெடுஞ்சாலையில் அது கவிழ்ந்தால் தீயணைப்பு வீரர் அந்தப் பலகையை நம்பித்தானே கிட்டே வருவார்? வாசலில் சோதனைக்கு வருபவர்கள் சான்றிதழின் தேதியைப் பார்க்கிறார்கள். தேதி சரி என்றால் லாரி போகலாம். உள்ளே என்ன எதன் பக்கத்தில் இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை. சரி, அவற்றை இன்னொரு மடலில் எழுதுகிறேன்.

இப்போதைக்கு நான் பணிவோடு கேட்பது ஒன்றுதான். ஆண்டுக்கு ஒரு நாள், டிரைவருக்கும் குடோன் ஆட்களுக்கும் சேர்த்தே பயிற்சி வையுங்கள். தமிழில் நடத்துங்கள், இந்திக்காரத் தம்பிகளுக்கு இந்தியில் நடத்துங்கள். வீடியோ வேண்டாம். முகமூடியைக் கையில் கொடுத்து மாட்டச் சொல்லுங்கள், ஒரு துணியைப் பிடித்துக் காற்று எந்தப் பக்கம் என்று காட்டச் சொல்லுங்கள். கடைசியில் தண்ணீர் நிரப்பிய இரண்டு கேனில் 1789, 1791 என்று ஒட்டி வைத்து, இவை ஒரே லாரியில் போகலாமா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். பதில் சொல்பவருக்கு மட்டும் சான்றிதழ் கொடுங்கள்.

முதல் வகுப்புக்கு இடம் வேண்டுமென்றால் எங்கள் யார்டைக் காலி செய்து தருகிறோம், முதலாளியிடம் பேசி ஒப்புதல் வாங்கிவிட்டேன். அந்த லோடுமேனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
மணலியிலிருந்து ஒரு குடோன் மேற்பார்வையாளர்