கயலுக்கு, அந்த ஐந்து மில்லி பற்றி

அன்புள்ள கயல்,

இங்கிலாந்துக் கல்லூரிகளுக்கு நீ எழுதிய விண்ணப்பக் கட்டுரையைப் படித்துவிட்டேன். முதல் பத்தியை எடுத்துவிடு. சின்ன வயதிலிருந்தே மருந்து மீது ஆர்வம் என்று பார்மசிக்கு விண்ணப்பிக்கிற எல்லோரும்தான் எழுதுவார்கள். அங்கே விண்ணப்பிக்கும் யூகாஸ் தளத்தில் மூன்று கேள்விக்கும் சேர்த்து, இடைவெளியையும் எண்ணி, 4000 எழுத்துகள்தான். அதில் நானூறை இதற்குக் கொடுக்காதே.

எனக்குப் பிடித்தது நாலாவது பத்தியில் நீ இரண்டே வரியில் தாண்டிப் போனது. "ஒரு அம்மா குழந்தையின் காய்ச்சலுக்கு சிரப் கேட்டார். கடைக்காரர் எடை கேட்டு வேறு அளவு சொன்னார். மருந்துப் பாதுகாப்பு எவ்வளவு முக்கியம் என்று புரிந்தது." அவ்வளவுதான் எழுதியிருக்கிறாய். போனில் கேட்டால் கால் மணி நேரம் சொல்கிறாய். அந்தக் கால் மணி நேரம்தான் கட்டுரையில் வர வேண்டும்.

நீ சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன், சரிபார்த்துக்கொள். தாராவி நைன்டி ஃபீட் ரோடு பக்கம் அண்ணாச்சி மெடிக்கல். சாயங்கால நெரிசல். எட்டு கிலோ குழந்தை. வீட்டில் தீர்ந்துபோன பாட்டில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் பாராசிட்டமால் உள்ளது. டாக்டர் சீட்டில் "சிரப் 5 மில்லி" என்று மட்டும் இருக்கிறது, எத்தனை மில்லிகிராம் என்று இல்லை. கடையில் 120 தீர்ந்துவிட்டது. உதவிக்கு நிற்கும் பையன் அதே கம்பெனியின் 250 பாட்டிலை எடுத்துக் கொடுக்கப் போகிறான். அதே நிறப் பெட்டி, பெயரும் அதே, மூலையில் இருக்கும் எண்தான் வேறு. அண்ணாச்சி பில் போட்டுக்கொண்டே தலை நிமிராமல், "குழந்தை எத்தனை கிலோம்மா?" என்கிறார்.

இப்போது கணக்கைப் பார். பாராசிட்டமால் குழந்தைக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். எட்டு கிலோவுக்கு 80 முதல் 120. பழைய பாட்டிலில் 5 மில்லி என்றால் 120, உச்ச வரம்பில் சரியாக நிற்கிறது. அதே 5 மில்லியைப் புதிய பாட்டிலில் கொடுத்தால் 250, அதாவது கிலோவுக்கு 31. நாளுக்கு நாலு வேளை என்றால் 1000 மில்லிகிராம். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 60, இந்தக் குழந்தைக்கு 480, தாண்டாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல் போகிறது. பக்கத்திலேயே இருக்கும் சொட்டு மருந்து இன்னும் மோசம். அதில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். அதை 5 மில்லி ஊற்றினால் ஒரு நாள் அளவு ஒரே வேளையில் உள்ளே போய்விடும்.

அண்ணாச்சி 250 பாட்டிலையே கொடுத்து, "இதுல 2 மில்லிதான்" என்று ஊசியில்லாத சிரிஞ்சில் கோடு காட்டினார் என்றாய். 2 மில்லி என்றால் 100 மில்லிகிராம், நடுவில் அழகாக விழுகிறது. பழைய அளவுக்குச் சமமாக 2.4 சொல்லியிருக்கலாம். ஆனால் 2.4 என்பதை வீட்டில் யார் அளப்பார்கள்? பாட்டிலோடு வரும் மூடியில் 2.5, 5, 10 என்றுதான் கோடுகள் இருக்கும். 2.5 ஊற்றினால் 125, வரம்பைக் கொஞ்சம் தாண்டுகிறது. வீட்டில் அளக்க முடிகிற எண்ணாக அவர் தேர்ந்தெடுத்ததை நீ கவனித்திருக்கிறாய். என்னைக் கேட்டால் உன் கட்டுரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதை எழுது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "அந்தக் குழந்தையின் உயிர் காப்பாற்றப்பட்டது" என்று எழுதிவிடாதே. நேர்காணலில் மாட்டிக்கொள்வாய். ஒரே ஒரு வேளை 250 போயிருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆபத்து, அதே அளவை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து கொடுப்பதில். உடம்புக்குள் போன பாராசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிக்கலில்லாமல் வெளியேற்றிவிடும். சின்னப் பகுதி ஒரு நச்சுப்பொருளாக மாறும். அதைக் குளூட்டதயோன் என்ற பொருள் கட்டிப்போடும். அளவு கூடக் கூட அந்தக் கையிருப்பு கரையும். காய்ச்சலில் சாப்பிடாமல் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் குழந்தையிடம் கையிருப்பே குறைவு. தீர்ந்த பிறகு நச்சு நேராகக் கல்லீரல் செல்களைத் தாக்கும்.

இதில் என்ன கொடுமை என்றால், முதல் நாளில் வெளியே ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் வாந்தி, சோர்வுதான். அதைக் காய்ச்சல் என்று நினைத்து இன்னொரு வேளை மருந்து கொடுப்பார்கள். ரத்தத்தில் கல்லீரல் என்சைம்கள் ஏறுவது அதற்குப் பிறகு, மஞ்சள் காமாலை இன்னும் பிறகு. அசிட்டைல்சிஸ்டைன் என்ற நச்சு முறிவு மருந்து இருக்கிறது, ஆனால் சீக்கிரம் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். வீட்டில் கண்டுபிடிப்பது கஷ்டம், கவுண்டரில் சுலபம்.

அப்புறம் நீ கேட்ட கேள்வி: "சித்தப்பா, அண்ணாச்சி இல்லாத நேரத்தில் என்ன ஆகும்?" இதைக் கட்டுரையில் காணோமே, ஏன் விட்டாய்? உன் ஆர்வம் நிஜமானது என்று எனக்குக் காட்டியதே இந்தக் கேள்விதான். ஒருவர் உஷாராக இருப்பதை நம்பி நிற்பது பாதுகாப்பு ஆகாது, அமைப்பை மாற்ற வேண்டும். அண்ணாச்சியே கொஞ்சம் செய்திருக்கிறார், பார்: சொட்டு மருந்தைத் தனி அலமாரிக்கு மாற்றியிருக்கிறார், 250 பெட்டிகளில் மார்க்கரால் பெரிதாக 250 என்று எழுதி வைத்திருக்கிறார். இதையே அமெரிக்காவில் பெரிய அளவில் செய்தார்கள். அங்கே கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து 0.8 மில்லியில் 80 மில்லிகிராம், சிரப் 5 மில்லியில் 160. குழப்பம் தொடர்ந்ததால், 2011-ல் கம்பெனிகள் செறிவான சொட்டு மருந்தை நிறுத்தி, எல்லாவற்றையும் 160க்கே கொண்டுவந்தன. ஆனால் பழைய பாட்டில்கள் கடைகளிலும் வீடுகளிலும் இருந்தன, கொஞ்ச காலத்துக்கு இரண்டும் கலந்து கிடந்தன. தீர்வே புதுக் குழப்பத்தைக் கொண்டுவந்த இடம் அது. நம் ஊரில் 120, 250, சொட்டு மருந்தின் 100 மூன்றும் ஒரே கடையில் நிற்கின்றன. அண்ணாச்சியின் மார்க்கரையும் அமெரிக்காவின் அந்த மாற்றத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வை. யூகாஸின் முதல் கேள்விக்கு, ஏன் இந்தப் படிப்பு என்பதற்கு, வேறு பதில் தேட வேண்டாம். மூன்றாவது கேள்வி படிப்புக்கு வெளியே செய்ததைப் பற்றி, கவுண்டரில் பார்த்ததை அங்கே போடு.

இன்னொன்று. ஷெட்யூல் எச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்தை விற்றால் கடையில் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் தடுக்கப்பட்ட தவறை எழுத அண்ணாச்சி கடையில் ஒரு நோட்டும் இல்லை. நடக்காமல் போன தவறுகளை எப்படி எண்ணுவது என்று படிக்க ஆசை என்று எழுதலாம். நிஜமாகவே ஆசை இருந்தால் மட்டும்.

வார்த்தைகளில் கவனம். நீ மருந்து கொடுக்கவில்லை, பார்த்தாய், பில் எடுத்து வைத்தாய். அப்படியே சொல். மருந்து கொடுப்பது பதிவு பெற்ற பார்மசிஸ்டின் வேலை, கட்டுரையைப் படிப்பவர்கள் அந்தக் கோட்டை நீ மதிக்கிறாயா என்று பார்ப்பார்கள். அந்த அம்மாவை அடையாளம் காட்டும் எதுவும் வேண்டாம், எடை போதும். கடைப் பெயரைப் போடுவதற்கு முன் அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். திருத்தியதை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு, திங்கள் முதல் எனக்கு இரவுப் பணி.

அன்புடன்,
சித்தப்பா